ஹேர் டிரான்ஸ்பிளான்ட் முடிந்தது, டை எப்போது அடிக்கலாம்?

ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஹேர் டிரான்ஸ்பிளான்ட். ஏப்ரல் 5, அதுவும் ஞாயிறு, அண்ணன் மகளுக்குக் கல்யாணம். நடுவில் சரியாக 77 நாள். வயது 46. முன்னந்தலையில் சொட்டை, பக்கவாட்டிலும் பின்மண்டையிலும் பாதிக்கு மேல் நரை. பத்து வருடமாக மாதம் ஒருமுறை டை அடித்துப் பழகியவன். சொந்தக்காரர்கள் யாரும் என்னை நரையோடு பார்த்ததில்லை. அதனால் ஆபரேஷன் தேதி குறித்த அன்றே எனக்கு வந்த முதல் சந்தேகம், முடி முளைக்குமா என்பதுகூட இல்லை, கல்யாணத்துக்கு முன் டை அடிக்க விடுவார்களா என்பதுதான்.

கேட்டுப் பார்த்தேன். நான்கு வாரம் போதும் என்றார் ஒருவர். இரண்டு மாதம் என்றார் இன்னொருவர். மூன்று மாதத்துக்கு எந்த ரசாயனமும் கூடாது என்றார் மூன்றாமவர். ஏற்கெனவே நட்டுக்கொண்ட ஒரு நண்பர் 'முளைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று முடித்துவிட்டார். முதலில் குழப்பமாக இருந்தது. பிறகு ஒவ்வொருவரும் எதை மனதில் வைத்து அந்தக் கணக்கைச் சொல்கிறார் என்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நால்வர் சொன்னதும் வேறு வேறு ஆபத்தைப் பற்றி.

கிராஃப்ட் பிடிப்பது ஒன்று, தோல் ஆறுவது வேறு

எனக்குச் செய்தது எஃப்.யு.இ. முறை. பின்மண்டையில் முடியை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மழித்து, அதே அளவு விட்டமுள்ள குழல் ஊசியால் வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து, முன்னால் சிறு துளை போட்டுச் செருகுவார்கள். அப்படி எடுத்து நடும் ஒவ்வொரு துணுக்கும் ஒரு கிராஃப்ட். என் கணக்கு 2,100 கிராஃப்ட். அப்படியென்றால் பின்னால் 2,100 குட்டிக் காயம், முன்னால் 2,100 குட்டிக் காயம்.

நட்ட வேர் எத்தனை நாளில் பிடித்துக்கொள்ளும் என்பதை 2006-ல் பெர்ன்ஸ்டைன், ராஸ்மன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் சோதித்து எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் சில முடிகளை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள், மேலே ஒட்டியிருக்கும் பொருக்கையும் இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆறாம் நாளுக்கு மேல் முடியை இழுத்தால் கிராஃப்ட் வரவில்லை. பொருக்கோடு சேர்ந்து பிய்ந்து வரும் ஆபத்தும் ஒன்பதாம் நாளோடு முடிந்துவிட்டது. ஆக, டை அடித்தால் நட்ட முடி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்ற பயம் பத்து நாளுக்குப் பிறகு தேவையில்லை. டை வேரைச் சாகடிக்கும் என்ற பேச்சும் அப்படித்தான். டை வேலை செய்வது தோலுக்கு வெளியே நிற்கும் முடித்தண்டில். வேர் இருப்பது ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் ஆழத்தில். சரியாக மூடியிருக்கும் தோல் வழியாக அங்கே போய் வேரை அழிக்கும் வேலையை டை செய்வதில்லை.

சிக்கல் அந்த 'சரியாக மூடியிருக்கும்' என்ற இடத்தில்தான் இருக்கிறது. பொருக்கு உதிர்ந்துவிட்டது என்பதற்கு மேல்தோல் மூடிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். அந்தப் புதுத்தோல் வெளிப்பொருளைத் தடுக்கும் பலத்துக்கு வர இன்னும் பல வாரம் ஆகும். டையில் இருக்கும் பி.பி.டி. என்கிற பாரா ஃபினைலின் டை அமைன் அதற்குள் உள்ளே போனால் உடம்பு அதை எதிரியாகக் குறித்து வைத்துக்கொள்ள வாய்ப்பு கூடுதல். ஒருமுறை குறித்துவிட்டால் அந்த ஒவ்வாமை ஆயுளுக்கும் போகாது. அதன் பிறகு பி.பி.டி. உள்ள எந்தக் கறுப்பு டையும் தலையில் வைக்க முடியாது. பல ஆயிரம் செலவு செய்து நரைமுடியை முன்னால் நட்டுக்கொண்டு, அதற்கு டை அடிக்க முடியாமல் போவது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமை வராவிட்டாலும் எரிச்சல் வரலாம். தலை வீங்கி அரித்தால் சொறியாமல் இருக்க முடியாது. தூக்கத்தில் நகம் போய்விடும். புண்ணாகி சீழ் வைத்தால்தான் நட்ட முடிக்கு நிஜமான சேதம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இன்னொன்றும் உண்டு. வீக்கம் வடிந்த இடம் கறுத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கும்.

இதைவிட நான் முக்கியமாக நினைப்பது மரமரப்பு. அறுவைக்குப் பிறகு சில வாரம், சிலருக்குச் சில மாதம், தலையின் சில பகுதிகளில் உணர்ச்சி இருக்காது. எனக்கு ஐந்தாவது வாரத்திலும் உச்சிக்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் தெர்மாகோலைத் தொடுவது போலத்தான் இருந்தது. சாதாரணமாக டை காந்தினால் 'ஐயோ' என்று ஓடிப்போய்க் கழுவுவோம். மரத்துப்போன தோல் அந்த எச்சரிக்கையைத் தராது. முப்பது நிமிஷம் அது பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும், நாம் பேப்பர் படித்துக்கொண்டிருப்போம்.

எந்த முடிக்கு அடிக்கப் போகிறோம்?

தேதியை ஒப்பிடுவதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நட்ட முடியில் பெரும்பகுதி இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் கொட்டிவிடும். வேர் உள்ளேயே இருக்கும், தண்டு மட்டும் உதிரும். மறுபடி முளைப்பது மூன்றாவது, நான்காவது மாதத்தில்தான். ஆக, நாலாவது வாரமோ எட்டாவது வாரமோ, முன்னந்தலையில் டை அடிக்க முடியே இருக்காது. அடிக்க வேண்டியது பக்கவாட்டும் பின்மண்டையும் மீசை தாடியும்தான். இது தெரிந்ததும் என் கேள்வி பாதியாகச் சுருங்கிவிட்டது. கிராஃப்ட் வைத்த இடத்தைத் தொடாமலே காரியம் முடியும்.

சரி, முன்கூட்டியே அடித்துக்கொண்டால் என்ன? எனக்கும் அந்த யோசனை வந்தது. சொல்லப்போனால் டாக்டரே ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பு டை அடித்துக்கொண்டு வரச் சொன்னார். ஆனால் அது என் அழகுக்காக இல்லை. வெள்ளை முடி எந்தச் சாய்வில் தோலுக்குள் போகிறது என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஊசி ஒரு நூல் தப்பினால் வேர் வெட்டுப்பட்டுவிடும். கறுப்பாக இருந்தால் சாய்வு தெரியும். நரைத்தவர்கள் இதை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. முந்தின நாள் ராத்திரி அடித்துக்கொண்டு எரிச்சலோடு போய்ப் படுக்காமல் இரண்டு மூன்று நாள் விட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த டை கல்யாணம் வரை தாங்குமா என்றால், கணக்குப் போட்டாலே விடை தெரிந்துவிடும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒரு மில்லிமீட்டருக்கு மழித்த பிறகு அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் டை இருக்கிறது. 77 நாளில் இரண்டரை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கும். நுனியில் ஒரு புள்ளி கறுப்பு, மீதியெல்லாம் வெள்ளை. மழிக்காமல் நீளமுடியோடு செய்யும் முறையில் போனவர்களுக்கு மட்டும் முதல் மாதத்துக்கு இது கைகொடுக்கும்.

நான்கு வாரம், எட்டு வாரம், மூன்று மாதம்

நான்கு வாரம் என்றால் எனக்கு பிப்ரவரி 15. இந்தக் கணக்கைச் சொல்பவர்கள் பொருக்கு போய்விட்டது, கிராஃப்ட் பிடித்துவிட்டது, மேல்தோல் மூடிவிட்டது என்பதை வைத்துச் சொல்கிறார்கள். பொய் இல்லை. மீசை தாடிக்கு, அங்கிருந்து முடி எடுக்காத பட்சத்தில், இது போதும் என்பது என் அபிப்பிராயம், அதுவும் ஏற்கெனவே அதே டையை வருடக்கணக்கில் அடித்துப் பழகியவர்களுக்கு. தலைக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம், நான்காவது வாரத்தில் என் பின்மண்டை எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன். மனைவி செல்போனில் படம் எடுத்துக் காட்டினாள். வெளிச்சத்தில் பார்த்தால் கொசு கடித்ததுபோல இளஞ்சிவப்புப் புள்ளிகள். ஷாம்பு போட்டால் லேசாகச் சுள்ளென்றது. ஷாம்புவே சுள்ளென்றால் டை என்ன செய்யும்?

இந்த நான்கு வாரத்துக்குள் அவசரப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். கூட வேலை பார்ப்பவர். அவருக்கு 18-ஆம் நாள் ஒரு நிச்சயதார்த்தம். 'ரசாயனம் வேண்டாம், இயற்கையாக அடிக்கிறேன்' என்று கடையில் கறுப்பு ஹென்னா பாக்கெட் வாங்கி அடித்துக்கொண்டார். அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் காது மடல் அரித்தது. மூன்றாம் நாள் காலை இரண்டு கண் இமையும் வீங்கித் திறக்க முடியவில்லை, தலையிலிருந்து நீர் வடிந்தது. தோல் மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துத்தான் வடிந்தது. கிராஃப்ட் பிடித்திருந்ததால் அது தப்பியது. ஆனால் உச்சியில் ஏற்கெனவே இருந்த சொந்த முடி அடுத்த இரண்டு மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டி, பிறகு மெதுவாகத் திரும்பி வந்தது. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் பி.பி.டி. என்று போட்டிருந்ததை அப்புறம்தான் படித்தார்.

எட்டு வாரம் என்றால் மார்ச் 15. சிவப்பு பெரும்பாலும் மங்கியிருக்கும், எடுத்த இடத்துக் காயம் உள்ளேயும் ஓரளவு ஆறியிருக்கும், கொட்ட வேண்டிய முடி கொட்டி முடிந்திருக்கும். மரமரப்பும் பலருக்குக் குறைந்திருக்கும். கடைசியில் சொன்ன இரண்டும்தான் இந்தத் தேதியை எனக்கு முக்கியமாக்கியது. நாலாவது வாரத்தில் டை அடித்து, அதே சமயம் நட்ட முடியும் கொட்டினால், 'டையால்தான் போச்சு' என்று ராத்தூக்கம் போய்விடும். எது எதனால் என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எட்டு வாரத்தில் அந்தக் குழப்பம் இல்லை.

மூன்று மாதம் என்றால் ஏப்ரல் 18. கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தும் முடிந்திருக்கும். எல்லாவற்றிலும் பாதுகாப்பானது இதுதான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பின்மண்டை, பக்கவாட்டைப் பொறுத்தவரை அது உண்மை. முன்னந்தலைக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். புது முடி தோலை முட்டிக்கொண்டு வெளியே வரும் காலம் அது. இரண்டாவது மாதத்திலிருந்து நான்காவது மாதம் வரை வேர்க்கால்களில் பரு போலச் சின்னக் கொப்புளங்கள் வந்து போவது சகஜம். காலண்டரில் மூன்று மாதம் முடிந்துவிட்டது என்று அந்தக் கொப்புளத்தின் மேல் டையைப் பூசினால், நான்காவது வாரத்தில் பூசியதைவிட மோசமாகக்கூட ஆகலாம். போதாததற்கு, முதலில் வரும் முடி பூனை முடி மாதிரி மெலிசாக, சுருண்டு வரும். அது தடிக்க ஒன்பது பத்து மாதம் ஆகும். அந்த மெலிசு முடிக்கு டையில் கலக்கும் பெராக்சைடு நல்லதில்லை, ஒடிந்துபோகும். ஆகவே நட்ட இடத்துக்கு என் கணக்கு ஐந்தாவது மாதம். நண்பர் சொன்ன 'முளைக்கட்டும்' என்ற பதில் இந்த ஒரு இடத்துக்கு மிகச் சரி.

ஆக நான் எடுத்த முடிவு ஒரே தேதியாக இல்லை. மீசை தாடிக்கு நான்கு வாரத்துக்குப் பிறகு. பக்கவாட்டுக்கும் பின்மண்டைக்கும் எட்டு வாரத்துக்குப் பிறகு. நட்ட இடத்துக்கு ஐந்தாவது மாதம். இது எஃப்.யு.இ. செய்து, எந்தச் சிக்கலும் இல்லாமல் ஆறியவர்களுக்கான கணக்கு. உங்கள் டாக்டர் இதைவிடத் தள்ளிச் சொன்னால் அவர் உங்கள் தலையைப் பார்த்துச் சொல்கிறார், அதையே கேளுங்கள்.

எந்த டை?

தேதியைவிட இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 'அமோனியா இல்லை' என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அமோனியாவின் வேலை முடியின் மேல்செதிலைத் திறப்பது. அதற்குப் பதில் வாடை குறைந்த இன்னொரு காரத்தைச் சேர்த்திருப்பார்கள். மூக்கு எரியாது, கண் கரிக்காது, நல்லதுதான். ஆனால் பெராக்சைடு அப்படியே இருக்கும், பெரும்பாலான கறுப்பு ஷேடுகளில் பி.பி.டி.யோ அதன் பங்காளியோ இருக்கும். ஒவ்வாமை வருவது அமோனியாவால் இல்லை, இவற்றால். பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்காமல் முன்பக்கத்தை நம்பக்கூடாது.

ஷாம்பு டை என்று சாஷேயில் வருவது இந்த நேரத்துக்குக் கொஞ்சமும் ஒத்துவராது. பெயர்தான் ஷாம்பு, உள்ளே இருப்பது வழக்கமான டைதான். அதை நுரை வரத் தலை முழுக்கத் தேய்க்கச் சொல்வார்கள். பக்கவாட்டுக்கு மட்டும் போதும் என்று நுரையிடம் சொல்ல முடியுமா? பிரஷ்ஷால் பூசும் க்ரீம் டைதான் வைத்த இடத்தில் நிற்கும். காரணம் இவ்வளவு எளிமையானது, ஆனால் நான் கேட்ட யாரும் இதைச் சொல்லவில்லை.

அசல் மருதாணிப் பொடி ஒவ்வாமை வகையில் டையைவிட எவ்வளவோ மேல். ஆனால் வெறும் மருதாணி வெள்ளை முடியை ஆரஞ்சாக்கும், கறுப்பாக்காது. அவுரிப் பொடியும் சேர்த்தால்தான் கறுப்புக்குப் பக்கத்தில் வரும். 'பத்தே நிமிஷத்தில் கறுப்பு மருதாணி' என்று எது வந்தாலும் அதில் வேறு சரக்கு இருக்கிறது. அசல் மருதாணியில் சிக்கல், அதை எடுப்பதில். இரண்டு மூன்று மணி நேரம் காய்ந்து அப்பிக்கொண்டிருப்பதை மணல் போல உதிர உதிரத் தேய்த்துக் கழுவ வேண்டும். எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்திருந்தால் அந்தப் புளிப்பு வேறு காந்தும். மருதாணிக்கும் நான் எட்டு வாரத்தையே சொல்வேன், அதுவும் வெறும் தண்ணீரில் குழைத்து.

பெராக்சைடு கலக்காமல் அப்படியே பூசும் தற்காலிகக் கலர்கள் உண்டு. பத்துத் தடவை தலை குளித்தால் போய்விடும். பழுப்பு ஷேடுகளில் இது ஓரளவு நரையை மங்கலாக்கும், அட்டைக் கறுப்பு எதிர்பார்க்கக் கூடாது. இடைவெளி குறைவாக இருப்பவர்கள் ஆறாவது வாரத்தில் முதலில் முயல வேண்டியது இதைத்தான். அதைவிட எளிது, கிர்தாவில் தெரியும் நாலு நரைக்கு மஸ்காரா மாதிரி வரும் பிரஷ். கழுவினால் போய்விடும், தோலில் படாமல் முடியில் மட்டும் தடவலாம். சொட்டையை மறைக்கத் தூவும் ஃபைபர் பவுடர் வேறு விஷயம். அது முடியைப் பற்றிக்கொண்டு நிற்பது. நட்டதெல்லாம் கொட்டிப்போன மொட்டை இடத்தில் தூவினால் கரி தூவியது போலத்தான் இருக்கும். அதனால் கல்யாணத்தன்று முன்னந்தலைக்கு அதையும் நம்பவில்லை. பக்கவாட்டைக் குட்டையாக வெட்டிவிட்டால் முன்னால் இருக்கும் வெறுமை அவ்வளவு துருத்தாது, அதைத்தான் செய்தேன்.

பிளீச் செய்து கலர் அடிப்பது பற்றிக் கேட்காதீர்கள். முதல் வருடத்துக்கு வேண்டாம்.

என் மார்ச் மாதம்

மார்ச் 15 அன்று எட்டு வாரம் முடிந்தது. அன்றே ஓடிப்போய் அடிக்கவில்லை. முதலில் தலையைப் பரீட்சை செய்தேன். விரல் நுனியால் அழுத்தினால் எங்கும் வலி இல்லை. பொருக்கு இல்லை, சீழ்க் கொப்புளம் இல்லை. ஷாம்பு சுள்ளென்று இல்லை. பிறகு குளிர்ந்த தண்ணீரில் விரலை நனைத்து ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தேன், குளிர்ச்சி தெரிகிறதா என்று. பக்கவாட்டிலும் பின்னாலும் தெரிந்தது. முன்னால் அந்த உள்ளங்கை இடம் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கியிருந்தது, ஆனால் இன்னும் மரத்துத்தான் இருந்தது. நட்ட இடத்தைத் தொடக்கூடாது என்ற முடிவு சரி என்று அப்போதுதான் நிம்மதியானது.

மார்ச் 24 செவ்வாய் சாயந்திரம் ஒவ்வாமைச் சோதனை. பத்து வருடமாக அடித்த டைதானே என்று விடக்கூடாது. பி.பி.டி. ஒவ்வாமை பத்து வருடம் கழித்தும் புதிதாக வரும், அறுவைக்குப் பிறகு அதற்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். பெட்டியில் காதுக்குப் பின்னால் தடவச் சொல்லி இருக்கும். எனக்குக் காதுக்குப் பின்னால்தான் முடி எடுத்த எல்லையே தொடங்குகிறது. அதனால் முழங்கையின் உள்மடிப்பில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத் தடவினேன். 48 மணி நேரம், வியாழன் சாயந்திரம் வரை பார்த்தேன். சிவக்கவில்லை, அரிக்கவில்லை. இன்னொரு நாளும் விட்டேன், சிலருக்கு மூன்றாம் நாள்தான் தெரியும்.

மார்ச் 28 சனிக்கிழமை டை. கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்பு. முந்தின நாள் அடித்தால்தான் பளிச்சென்று இருக்கும் என்று நினைப்போம். ஆனால் எதிர்வினை வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று நாளில் வரும், வந்தால் வடிய ஒரு வாரம் வேண்டும். எட்டு நாளில் வேர் இரண்டரை மில்லிமீட்டர்தான் வெள்ளையாகத் தெரியும், அதற்குத்தான் அந்த மஸ்காரா பிரஷ். முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்து போட்டுக்கொண்டிருந்தேன், அதை முந்தின நாளும் அன்றும் நிறுத்தினேன். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் எரிச்சல் எதனால் என்றே தெரியாது.

சலூனுக்குப் போகாமல் வீட்டில் அடித்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தெரு சலூனில் தலையைக் கழுவுவது முன்பக்கமாகக் குனிய வைத்து. வாஷ்பேசினில் குனிந்தால் பின்மண்டையில் அடித்த டைத் தண்ணீர் எல்லாம் வழிந்து நெற்றி வழியாக, அதாவது நட்ட இடத்தின் மேலாகத்தான் இறங்கும். பெரிய சலூன்களில் பின்னால் சாய வைத்துக் கழுவும் நாற்காலி இருக்கும், அதில் ஓரளவு பரவாயில்லை. ஆனால் முடித்த கையோடு மண்டையில் படபடவென்று தட்டி மசாஜ் செய்யும் பழக்கத்தை எப்படித் தடுப்பது? சொல்லி வைத்தாலும் கை தானாகப் போய்விடும்.

வீட்டில் மனைவி பூசினாள். நட்ட எல்லையிலிருந்து இரண்டு விரல்கடை விட்டு, அந்தக் கோடு முழுக்க வாஸ்லின் கனமாகத் தடவினாள். பிரஷ்ஷை முடியில் மட்டும் ஓட்டி, தோலில் அழுத்தித் தேய்க்காமல் பூசினாள். பெட்டியில் போட்டிருந்த நேரத்துக்கு ஒரு நிமிஷம்கூட அதிகம் விடவில்லை. பிறகு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்ள, வெதுவெதுப்பான தண்ணீரை மக்கில் எடுத்து முன்னிருந்து பின்னாக ஊற்றினாள். ஷவர் வேண்டாம் என்றேன், அது நாலா பக்கமும் அடிக்கும். தண்ணீர் தெளிவாக வரும்வரை ஊற்றியதில் இரண்டு வாளி காலி. ட்ரையர் போடவில்லை.

பூசிக்கொண்டிருக்கும்போதே காந்தல் வந்தால் அது எரிச்சல். பட்ட இடத்தில் மட்டும் இருக்கும், உடனே கழுவினால் பெரும்பாலும் அடங்கும். ஒரு நாள் இரண்டு நாள் கழித்து அரிப்பு ஆரம்பித்து, காது, கழுத்து, கண் இமை என்று டை படாத இடத்துக்கும் பரவினால் அது ஒவ்வாமை. அப்போது தேங்காய் எண்ணெய், கற்றாழை என்று வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும், தலையில் எப்போது என்ன ஆபரேஷன் நடந்தது என்று சொல்ல வேண்டும். முகம் வீங்கி மூச்சு வாங்கினால் நேராக அவசரச் சிகிச்சைக்கு.

மற்ற சிகிச்சைகளுக்கு

பின்மண்டையில் தோலையே பட்டையாக வெட்டி எடுத்துத் தையல் போடும் எஃப்.யு.டி. முறை என்றால் கணக்கு வேறு. தையல் பிரிக்கவே பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும், அதன் பிறகும் அந்தத் தழும்புக் கோடு ஆற நாளாகும். தழும்புக்கு மேல் பக்கம் மரமரப்பும் அதிக நாள் நிற்கும். பின்மண்டைக்கு டை அடிப்பதை அவர்கள் மூன்று மாதத்துக்குத் தள்ளுவதே நல்லது.

சொந்த ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துத் தலையில் போடும் பி.ஆர்.பி. ஊசி மட்டும் போட்டவர்கள் இவ்வளவு யோசிக்க வேண்டாம். ஊசித் துளை ஓரிரு நாளில் மூடிவிடும். நான் மூன்று நாள் விட்டு அடிப்பேன். ரோலர் அல்லது பேனா வைத்துத் தலை முழுக்கக் குத்தும் மைக்ரோநீட்லிங் என்றால் ஒரு வாரம். ஆனால் மாதாமாதம் போடுபவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். சிகிச்சைக்கு நாலைந்து நாள் முன்பே டை அடித்துவிட்டால் அடுத்த மாதம் வரை அந்தப் பேச்சே வராது. சோதனைக்காகத் தலைத்தோலில் துணுக்கு வெட்டி எடுத்திருந்தால், தையல் பிரித்து, அந்த இடம் மூடிய பிறகும் இரண்டு வாரம் விட வேண்டும், அதுவரை அந்த இடத்தைச் சுற்றி ஒதுக்கிவிட்டு மற்ற இடத்தில் அடிக்கலாம்.

ஜூன் கடைசியில், ஐந்து மாதம் முடிந்து, முன்னந்தலையில் முதல்முறையாகப் பூசினேன். அங்கே முளைத்ததில் கணிசமானது வெள்ளை முடிதான். இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பின்மண்டையில் நரைத்திருந்த முடியை எடுத்து முன்னால் வைத்தால் அது நரையாகத்தானே முளைக்கும்? மாநிறத் தலையில் வெள்ளையாக இருந்தபோது வகிடு வகிடாகத் தோல் தெரிந்த இடம், அடர்பழுப்பு அடித்ததும் பாதிக்குப் பாதி அடர்த்தியானது போல் ஆகிவிட்டது. முடியின் நிறமும் தோலின் நிறமும் பக்கத்தில் வந்தால் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு ஷேடை விட்டு அடர்பழுப்புக்கு மாறியதற்கு அதுதான் காரணம். அண்ணன் மட்டும் கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம், 'பந்தலில் ஏண்டா போலீஸ் கட்டிங்கில் நின்றாய்' என்று கேட்கிறான்.